மௌனம் சம்மதமா?

மாதச் சந்தா கூடும்போது வரும் நோட்டீசை எப்படிப் படிப்பது?

"வணக்கம். தங்களுடைய மாதச் சந்தா இப்போது ரூ.189. செப்டம்பர் 1-ந் தேதி முதல் இது ரூ.299 ஆகிறது. தொடர்ந்து இருக்க விரும்பினால், தாங்கள் எதுவும் செய்யவேண்டாம். விருப்பம் இல்லாவிட்டால், எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம்."

இந்த மாதிரி நோட்டீசு இப்போது பல வீடுகளுக்கு வருகிறது. தபால்காரர் கொண்டு வருவது இல்லை. செல்போனில் வருகிறது. படம் பார்க்கிற சேவை, பாட்டுக் கேட்கிற சேவை, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற சேவை, போட்டோக்களைச் சேர்த்து வைக்கிற சேவை என்று எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா உண்டு. சந்தா என்று இருந்தால், என்றாவது ஒரு நாள் அது கூடத்தான் செய்யும்.

மேலே உள்ள நோட்டீசில் நான்கு செய்திகள் இருக்கின்றன. பழைய விலை, புதிய விலை, தேதி, விலகும் வழி. இந்த நான்கையும் விட முக்கியமான ஒரு சொல் அதில் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பது இல்லை.

"எதுவும் செய்யவேண்டாம்!"

அதுதான் அந்தச் சொல். நீங்கள் சும்மா இருந்தால், புதிய விலைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அந்தப் பழமொழிதான் இங்கே பணத்தைக் கழிக்கிறது.

ஆனால், எல்லா நோட்டீசும் இப்படி இல்லை. சிலவற்றில் மௌனம் சம்மதம். சிலவற்றில் மௌனம் மறுப்பு. எது எப்படி என்று கண்டுபிடிப்பது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பணம் யார் கையில்?

பால்காரரை எடுத்துக் கொள்ளுங்கள். "அடுத்த மாசம் முதல் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட" என்று அவர் வாசலில் நின்று சொல்வார். வீட்டுக்கார அம்மாள் சம்மதித்தால் கொடுப்பார். சம்மதம் இல்லாவிட்டால், "நாளை முதல் வேண்டாம்" என்பார். அத்தோடு முடிந்தது. பணம் அம்மாளின் சுருக்குப் பையில் இருக்கிறது. அவர் எடுத்துக் கொடுத்தால்தான் அது போகும்.

செல்போன் சந்தா அப்படி அல்ல. சேரும் அன்றே, "மாதா மாதம் என் கணக்கில் இருந்து நீங்களே எடுத்துக் கொள்ளலாம்" என்று நாம் அனுமதி கொடுத்து விடுகிறோம். இதற்கு "மாண்டேட்" என்று பெயர். யு.பி.ஐ. மூலம் கொடுத்தால் அதை "ஆட்டோபே" என்கிறார்கள். தமிழில் நிரந்தர உத்தரவு என்று சொல்லலாம். நம்முடைய பாங்கிக்கு நாம் போட்டு வைத்த உத்தரவு அது.

அந்த உத்தரவை நாம் மாற்றும் வரை அது உயிரோடு இருக்கும். நாம் தூங்கினாலும் அது தூங்காது.

எனவே, விலை கூடுகிறது என்ற நோட்டீசு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது நோட்டீசை அல்ல. நாம் போட்டு வைத்த உத்தரவைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வகை உத்தரவு

நிரந்தர உத்தரவில் இரண்டு வகை உண்டு. இந்த இரண்டையும் ரிசர்வ் பாங்கியின் விதி அனுமதிக்கிறது.

முதல் வகையில், தொகை நிலையாக இருக்கும். "மாதம் ரூ.189" என்று இருந்தால், ரூ.189 மட்டுமே எடுக்கலாம். ஒரு ரூபாய் கூடுதலாக எடுக்க வேண்டும் என்றாலும், உங்களிடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் ரகசிய எண் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகையில், தொகை மாறலாம். ஆனால், அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. "மாதம் ரூ.999 வரை" என்று இருக்கும். இந்த மாதம் ரூ.189 எடுக்கலாம். அடுத்த மாதம் ரூ.299 எடுக்கலாம். வரம்பைத் தாண்டாத வரை புதிய அனுமதி தேவை இல்லை.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சேரும்போது நம் கண் விலையை மட்டும் பார்க்கிறது. வரம்பைப் பார்ப்பது இல்லை. "முதல் மாதம் ஒரு ரூபாய் மட்டுமே" என்று சொல்லிச் சேர்க்கிற திட்டங்கள் இருக்கின்றன. ஒரு ரூபாய்தானே என்று ரகசிய எண்ணைப் போடுகிறோம். அந்தத் திரையிலேயே, சிறிய எழுத்தில், "Up to ₹999" என்றோ "Max amount ₹999" என்றோ இருக்கலாம். அந்த எண்தான் நம்முடைய உண்மையான கையெழுத்து. ஒரு ரூபாய் அல்ல!

ஒரு கணக்குப் பார்ப்போம்

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யூடியூப் நிறுவனம் இந்தியாவில் தனது விளம்பரம் இல்லாத சேவையின் விலையைக் கூட்டியது. தனி ஆளுக்கு மாதம் ரூ.129 ஆக இருந்தது, ரூ.149 ஆயிற்று. குடும்பத்துக்கு மாதம் ரூ.189 ஆக இருந்தது, ரூ.299 ஆயிற்று.

தனி ஆளுக்கு உயர்வு ரூ.20தான். குடும்பத்துக்கு உயர்வு ரூ.110. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ரூ.2,268 ஆக இருந்த செலவு, ரூ.3,588 ஆகிறது. அதாவது ரூ.1,320 கூடுதல்.

இந்த ரூ.189, ரூ.299 என்ற விலைகளையே வைத்துக்கொண்டு, இரண்டு வீடுகளைக் கற்பனை செய்து பார்ப்போம். எந்தச் சேவை என்பது வேண்டாம். ஏதோ ஒரு மாதச் சந்தா என்று வைத்துக் கொள்வோம்.

இரண்டு வீடுகளிலும் மாதந்தோறும் 18-ந் தேதி பணம் போகிறது. ஆகஸ்டு 5-ந் தேதி, இரண்டு வீட்டுக்கும் நோட்டீசு வருகிறது. செப்டம்பர் 1 முதல் விலை ரூ.299. இரண்டு வீட்டாரும் அதைப் படிக்கவில்லை.

முதல் வீட்டில் உள்ள உத்தரவு, நிலையான ரூ.189. செப்டம்பர் 18-ந் தேதி ரூ.299 கேட்டால், அந்த உத்தரவு இடம் கொடுக்காது. பணம் போகாது. "புதிய விலைக்கு அனுமதி கொடுங்கள்" என்று கேட்டுச் செய்தி வரும். அனுமதி கொடுக்காவிட்டால், சேவை நின்று விடும். அந்த வீட்டில் மௌனம், மறுப்பு ஆகிவிட்டது.

இரண்டாம் வீட்டில் உள்ள உத்தரவு, "ரூ.999 வரை". அதே செப்டம்பர் 18-ந் தேதி ரூ.299 கேட்கப்படுகிறது. வரம்புக்குள் இருக்கிறது. பணம் போய்விட்டது! அந்த வீட்டில் மௌனம், சம்மதம் ஆகிவிட்டது.

நோட்டீசு ஒன்றுதான். தேதி ஒன்றுதான். ஆனால், முடிவு வேறு. காரணம், என்றைக்கோ போட்ட உத்தரவில் இருந்த ஓர் எண்.

கடைக்காரர்களின் விதி

சந்தாவை நேராகச் சேவை நிறுவனத்திடம் கட்டாமல், செல்போனில் உள்ள கடை மூலம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகிள் பிளே, ஐபோனில் ஆப் ஸ்டோர். இந்தக் கடைகளுக்குத் தனி விதிகள் உண்டு.

கூகிள் பிளே கடையில் பழைய சந்தாதாரர்களுக்கு விலை கூட்டினால், வழக்கமான முறை இதுதான்: சந்தாதாரர் புதிய விலையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால், புதிய விலை தொடங்கும் தவணையில் சந்தா தானாகவே ரத்து ஆகிவிடும். இங்கே மௌனம், மறுப்பு. சில நாடுகளில் மட்டும் மற்ற முறைக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் கடையிலும் முன்பு இதே முறைதான் இருந்தது. 2022-ம் ஆண்டு அதை மாற்றினார்கள். ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லாமல், பாதி விலைக்கு மேல் போகாமல், ஒரு குறிப்பிட்ட தொகைக்கும் மேல் போகாமல் விலை கூடினால், முன்கூட்டித் தெரிவித்தால் போதும். உள்ளூர்ச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அந்த வகையில் வரும் உயர்வுக்கு மௌனமே சம்மதம். அதற்கு மேல் போனால், சந்தாதாரர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே, நோட்டீசில் "ஒப்புக் கொள்கிறேன்" என்று அழுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவசரப்பட்டு அதை அழுத்தாதீர்கள். வேண்டாம் என்றால், சும்மா இருந்தாலே பெரும்பாலும் போதும். பொத்தானே இல்லாமல், "எதுவும் செய்யவேண்டாம்" என்று இருந்தால், அங்கே சும்மா இருக்கக் கூடாது.

மூன்று தேதிகள்

நோட்டீசில் ஒரு தேதிதான் இருக்கும். ஆனால், வீட்டில் நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டியவை மூன்று தேதிகள்.

முதல் தேதி, விலை மாறும் தேதி. நம்முடைய கணக்கில் அது செப்டம்பர் 1.

இரண்டாவது, உங்கள் பணம் போகும் தேதி. அது செப்டம்பர் 18. செப்டம்பர் 1-ந் தேதியே ரூ.299 போய்விடும் என்று பயப்பட வேண்டியது இல்லை. ஆகஸ்டு 18-ந் தேதி கட்டிய பணம், செப்டம்பர் 17 வரை செல்லும். அதற்குப் பிறகு வரும் தவணைக்குத்தான் புதிய விலை.

மூன்றாவது, விலகுவதற்கான கடைசித் தேதி. நோட்டீசில் இது தெளிவாக இருப்பது இல்லை. "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்றுதான் இருக்கும். அதை நம்பி 18-ந் தேதி காலையில் விலகப் போனால், நேரம் கடந்திருக்கலாம். பணம் போகும் தேதிக்கு ஒரு நாள் முன்பே, அதாவது 24 மணி நேரத்துக்கு முன்பே, விலகி விடவேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் சொல்கிறது. மற்ற சேவைகளுக்கும் இதே கணக்கை வைத்துக் கொள்வது நல்லது.

இன்னொன்று. ஆட்டோபே பணத்தை நெரிசல் இல்லாத நேரத்தில் எடுக்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் விதி வந்தது. அதனால், நீங்கள் கண் விழிப்பதற்கு முன்பே, அதிகாலையில் பணம் போயிருக்கலாம். ஆகவே, 18-ந் தேதிக்காரர் 16-ந் தேதி இரவுக்குள் வேலையை முடித்து விட வேண்டும்.

"முன்கூட்டி விலகினால், கட்டிய பணம் வீண்தானே?" என்று கேட்கலாம். பெரும்பாலும் வீண் ஆகாது. கட்டிய மாதம் முடியும் வரை சேவை இருக்கும். அதற்குப் பிறகுதான் நிற்கும். ஆனால், இலவசமாகக் கொடுத்த காலத்தில் விலகினால், சில சேவைகள் உடனே நின்று விடுகின்றன. அதை மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

24 மணி நேர மணி

விலை உயர்வு நோட்டீசைத் தவற விட்டவர்களுக்கு, இன்னொரு மணி அடிக்கிறது. அது சேவை நிறுவனம் அடிக்கும் மணி அல்ல. பாங்கி அடிக்கும் மணி.

கார்டில் இருந்தும் யு.பி.ஐ.யில் இருந்தும் தானாகப் போகும் பணத்துக்கு ரிசர்வ் பாங்கி விதிகள் போட்டது. 2021-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதியில் இருந்து அவை முழுமையாக நடைமுறைக்கு வந்தன. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

அந்தச் செய்தியில் யாருக்குப் பணம் போகிறது, எவ்வளவு, எந்த நாள், எந்த உத்தரவின் பேரில், எதற்காக என்பவை இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்தலாம். உத்தரவையே ரத்து செய்யவும் செய்யலாம். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் ரிசர்வ் பாங்கி சொல்லி இருக்கிறது.

இந்தச் செய்தி ஏன் இவ்வளவு முக்கியம்?

சாதாரணமாக, பணம் போகும்போது ஓ.டி.பி. என்ற ஒரு முறை எண் வரும். அதைப் போட்டால்தான் பணம் போகும். ஆனால், மாதச் சந்தாவுக்கு அது வராது. தொகை ரூ.15,000-க்கு மேல் போனால்தான் ஒவ்வொரு முறையும் எண் கேட்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் வரம்பை உயர்த்தினார்கள். முன்பு அது ரூ.5,000 ஆக இருந்தது. வீட்டுச் சந்தா எதுவும் ரூ.15,000-ஐத் தொடாது. ஆகவே, பணம் சத்தம் இல்லாமல் போகும். அந்த 24 மணி நேரச் செய்திதான் ஒரே சத்தம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. படம் பார்ப்பது மகன். பணம் போவது அப்பாவின் கணக்கில். செய்தி வருவது அப்பாவின் போனுக்கு. விலை கூடும் நோட்டீசு வருவதோ மகனின் ஈ-மெயிலுக்கு. இருவரும் பேசிக் கொள்ளாவிட்டால், அப்பாவுக்கு எதற்குப் பணம் போகிறது என்று தெரியாது. மகனுக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாது.

அந்தச் செய்தியில் தொகையைப் படியுங்கள். போன மாதத் தொகையும் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், விலை கூடி விட்டது என்று பொருள். உங்களுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

வெளியே போக எத்தனை கதவு?

விலகுவது என்று முடிவு செய்து விட்டீர்கள். எந்தக் கதவு வழியாகப் போவது?

பலர் செய்கிற காரியம், செல்போனில் இருந்து அந்த ஆப்பை அழித்து விடுவது. "அழித்து விட்டேன், இனிமேல் பணம் போகாது" என்று நினைக்கிறார்கள். அது தவறு! ஆப்பை அழிப்பது, டெலிவிஷன் பெட்டியைத் துணி போட்டு மூடுவது போன்றது. கேபிள் பாக்கி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

முதல் கதவு, சந்தாவை ரத்து செய்வது. எங்கே சேர்ந்தீர்களோ, அங்கே போக வேண்டும். சேவை நிறுவனத்தின் ஆப்பில் சேர்ந்தால், அதில் "Account" என்ற இடத்துக்குள் பாருங்கள். கூகிள் பிளே கடையில் சேர்ந்தால், Play Store ஆப்பைத் திறந்து, மேலே உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். "Payments & subscriptions" என்று வரும். அதற்குள் "Subscriptions". அதில் நீங்கள் கட்டுகிற சந்தாக்கள் வரிசையாக இருக்கும். வேண்டாததைத் தொட்டு, "Cancel subscription" என்பதை அழுத்துங்கள். ஐபோனில் Settings-க்குள் போய், மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டால், "Subscriptions" என்று இருக்கும்.

இரண்டாம் கதவு, உத்தரவை ரத்து செய்வது. யு.பி.ஐ. என்றால், நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஆப்பில் "Autopay" என்ற இடம் இருக்கும். கார்டு என்றால், பாங்கியின் ஆப்பிலோ இணையத்திலோ அந்த வசதி இருக்கும். இது நம்முடைய உரிமை. எந்த நேரத்திலும் உத்தரவைத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி.

இரண்டு கதவில் எது நல்லது? முதலில் சந்தா, பிறகு உத்தரவு. உத்தரவை மட்டும் ரத்து செய்தால், பணம் போவது நிற்கும். ஆனால், சேவை நிறுவனத்தின் புத்தகத்தில் நீங்கள் இன்னும் சந்தாதாரர்தான். "பணம் வரவில்லை, கட்டுங்கள்" என்று செய்தி வந்து கொண்டிருக்கும். சந்தாவை ரத்து செய்து விட்டு, உத்தரவும் போய்விட்டதா என்று பார்த்தால், இரண்டு கதவும் சாத்தப்பட்டு விடும்.

ரத்து செய்யும்போதும் ரகசிய எண்ணோ, ஓ.டி.பி.யோ கேட்கலாம். அதைக் கண்டு பயப்படாதீர்கள். உத்தரவை ரத்து செய்கிறவர் உண்மையில் நீங்கள்தானா என்று சரிபார்க்க, விதியே அப்படி இருக்கிறது. ஆனால், அதைப் போடுவதற்கு முன்பு திரையைப் படியுங்கள். "Cancel" அல்லது "Revoke" என்று இருக்க வேண்டும். "Pay" என்று இருந்தால், அது வேறு காரியம். உடனே வெளியே வந்து விடுங்கள்.

ரத்து ஆனதும் ஒரு செய்தி வரும். அதை அழிக்காதீர்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக் கொண்டால், பிறகு உதவும்.

ஒளித்து வைத்த கதவு

ஏற்றுக்கொள், அல்லது விலகு என்று இரண்டு வழிகளைத்தான் நோட்டீசு சொல்லும். மூன்றாவது வழி ஒன்று இருக்கலாம். அதை ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு விவகாரம் காட்டியது.

மைக்ரோசாப்ட் நிறுவனம், எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் உதவும் "மைக்ரோசாப்ட் 365" என்ற சேவையை விற்கிறது. 2024-ம் ஆண்டு அக்டோபர் இறுதியில், அதில் ஒரு புதிய வசதியைச் சேர்த்து, ஆஸ்திரேலியாவில் விலையைக் கூட்டியது. தனி ஆளுக்கு ஆண்டுச் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது, 159 டாலர் ஆயிற்று. பழைய சந்தாதாரர்களுக்கு நோட்டீசு போயிற்று. அடுத்த தவணையில் இருந்து புதிய விலை. வேண்டாம் என்றால், ரத்து செய்யலாம்.

ஆனால், புதிய வசதி இல்லாமல், பழைய விலையிலேயே தொடர்கிற ஒரு திட்டமும் இருந்தது! அதைப் பற்றி நோட்டீசில் ஒரு சொல் இல்லை. ரத்து செய்யப் போய், சில படிகளைத் தாண்டிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

ஆஸ்திரேலியாவில் போட்டியையும் நுகர்வோரையும் காக்கும் கமிஷன், 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. சுமார் 27 லட்சம் பேருக்கு வழி இரண்டுதான் என்று தோன்றும்படி செய்து விட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதமே, நிறுவனம் சந்தாதாரர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பழைய விலைத் திட்டத்துக்கு மாறுகிறவர்களுக்குக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னது.

இதில் இருந்து நமக்குக் கிடைப்பது என்ன? ஏற்றுக்கொள்ளும் முன்பு, ரத்து செய்கிற பாதையில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். கடைசிப் பொத்தானை அழுத்தும் வரை எதுவும் ரத்து ஆகாது. வழியில், "குறைந்த விலையில் இந்தத் திட்டம் இருக்கிறது" என்று ஒரு பலகை தெரியலாம். குறைந்த படத் தெளிவு, விளம்பரத்தோடு கூடிய திட்டம் என்று ஏதாவது இருக்கலாம். உங்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

போலி நோட்டீசு

விலை உயர்வு என்றதும் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தைப் பயன்படுத்திக் கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"உங்கள் சந்தா ரூ.4,999 ஆகிறது. ரத்து செய்ய உடனே இதை அழுத்துங்கள்" என்று ஒரு செய்தி வரும். அழுத்தினால், சேவை நிறுவனத்தின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். கார்டு எண், ஓ.டி.பி. எல்லாவற்றையும் கேட்கும். கொடுத்தால், கணக்கு காலி!

உண்மையான நோட்டீசா, போலியா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். உங்கள் போனில் ஏற்கனவே உள்ள ஆப்பை நீங்களே திறந்து, சந்தா பக்கத்துக்குப் போங்கள். விலை உண்மையிலேயே கூடுகிறது என்றால், புதிய விலையும் தேதியும் அங்கேயும் இருக்கும். அங்கே இல்லாவிட்டால், அந்தச் செய்தியை நம்ப வேண்டாம். ரத்து செய்து தருவதாகச் சொல்லிப் போனில் கூப்பிடுகிற யாருக்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக் கூடாது.

விலக விடாவிட்டால்?

சில சேவைகளில் சேருவதற்கு ஒரு பொத்தான். விலகுவதற்குப் பத்துப் பக்கம்! ரத்து செய்யும் இடத்தை எங்கேயோ ஒளித்து வைப்பார்கள். இதற்குச் "சந்தாப் பொறி" என்று பெயர். 2023-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்து நெறிமுறை வெளியிட்டது. அந்த 13-ல் சந்தாப் பொறியும் ஒன்று.

சேவை நிறுவனம் விலக விடாவிட்டால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

பாங்கியின் மீது குறை இருந்தால், வழி வேறு. 24 மணி நேரச் செய்தி வரவில்லை, உத்தரவை ரத்து செய்த பிறகும் பணம் போய்விட்டது, வரம்புக்கு மேல் எடுத்து விட்டார்கள் என்பவை பாங்கியிடம் சொல்ல வேண்டிய குறைகள். முதலில் உங்கள் பாங்கிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் பாங்கியின் குறை தீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். cms.rbi.org.in என்ற இணையப் பக்கத்தில் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ரத்து செய்தபோது எடுத்து வைத்த படம் அப்போது சாட்சி சொல்லும்.

ஆனால், ஒன்று. நோட்டீசு முறைப்படி வந்து, செய்தியும் வந்து, வரம்புக்குள் பணம் போயிருந்தால், அதைத் திருப்பிக் கேட்க உரிமை இருக்கிறது என்று சொல்ல முடியாது. நிறுவனம் மனம் வைத்துத் திருப்பித் தந்தால் உண்டு. உடனே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். நாள் ஆக ஆக, அந்த வாய்ப்பும் குறையும்.

இன்றே பார்க்கலாம்

நோட்டீசு வரும் வரை காத்திருக்கத் தேவை இல்லை. பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து, "Autopay" என்ற இடத்துக்குப் போங்கள். உயிரோடு இருக்கும் உத்தரவுகள் அங்கே தெரியும்.

ஒவ்வொன்றிலும் நான்கைப் பாருங்கள். யாருக்கு? உச்ச வரம்பு எவ்வளவு? எத்தனை நாளைக்கு ஒரு முறை? எந்தத் தேதி வரை? "எத்தனை நாளைக்கு ஒரு முறை" என்ற இடத்தில் "Monthly" என்று இருந்தால், மாதம் ஒரு முறைதான் எடுக்கலாம். "As presented" என்று இருந்தால், அவர்கள் கேட்கும் போதெல்லாம் எடுக்கலாம்.

கட்டுகிற விலைக்கும் உச்ச வரம்புக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். விலை ரூ.189, வரம்பு ரூ.999 என்றால், இடைவெளி ரூ.810. அந்த ரூ.810 வரை விலை கூடினாலும், உங்களைப் புதிதாக அனுமதி கேட்க வேண்டியது இல்லை. நோட்டீசும், 24 மணி நேரச் செய்தியும் வரும். அவ்வளவுதான். அந்தச் சந்தாவில் உங்கள் மௌனம் சம்மதம்.

இடைவெளியே இல்லாத சந்தா என்றால், நிம்மதியாக இருக்கலாம். விலையைக் கூட்ட வேண்டும் என்றால், அவர்கள் உங்கள் வாசலில் வந்து நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பால்காரரைப் போல!